தங்கத்தின் ஐவி ஏறினால் என்ன அர்த்தம்? ஒரு வாசிப்பின் மீதான விமர்சனம்

தங்கச் சந்தை பற்றிய வாராந்திரக் குறிப்புகளில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆப்ஷன்களின் இம்ப்ளைடு வாலட்டிலிட்டி (இனி சுருக்கமாக ஐவி) ஏறிக்கொண்டிருக்கிறது, ஆகவே தங்கத்தில் பெரிய நகர்வு வரப்போகிறது என்பது முதல் பாதி. இரண்டாவது பாதியில் அந்த நகர்வின் திசையும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். எழுதுபவர் தங்கம் ஏறும் என்று நம்புபவராக இருந்தால் ஐவி ஏற்றம் ஏற்றத்துக்கான அறிகுறி ஆகிவிடும், இறங்கும் என்று நம்பினால் இறக்கத்துக்கான எச்சரிக்கை. ஒரே எண்ணை வைத்து இரண்டு பேரும் எழுதலாம். அப்படி எழுத முடிகிறது என்பதே அந்த வாதத்தில் ஏதோ ஓட்டை இருக்கு என்பதற்குப் போதுமான சாட்சி. அந்த ஓட்டை எங்கே என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஐவி எங்கிருந்து வருது என்று பார்த்துவிடலாம். நியூயார்க் கோமெக்ஸில் ஒரு தங்க ஃப்யூச்சர்ஸ் கான்ட்ராக்ட் என்பது 100 ட்ராய் அவுன்ஸ். அதன் மேல் ஆப்ஷன்கள் வாங்கி விற்கப்படுகின்றன. ஆப்ஷனின் விலையைத் தீர்மானிக்க ஃபிஷர் பிளாக் 1976இல் கொடுத்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதற்குள் போகும் விஷயங்களில் ஃப்யூச்சர்ஸ் விலை, ஸ்ட்ரைக், மீதி நாட்கள், வட்டி எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாதது ஒன்றே ஒன்று, இனிமேல் விலை எவ்வளவு ஆடும் என்பது. சந்தையில் ஆப்ஷன் விற்கும் விலையை எடுத்துக்கொண்டு, சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு அந்த ஒன்றைக் கண்டுபிடித்தால் கிடைப்பது ஐவி. ஆக, ஐவி என்பது அடிப்படையில் ஒரு விலை. அது யாரும் உட்கார்ந்து கணித்துச் சொன்ன ஜோசியம் இல்லை. ஆப்ஷன் விற்பவர் தன் ரிஸ்குக்குக் கேட்கும் கூலியும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும்.

ஓர் உதாரணம். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று ஃப்யூச்சர்ஸ் விலையை 2,000 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். ஐவி 16 சதவீதம் என்றால், அது வருஷக் கணக்கு. வருஷத்துக்குச் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16. அதனால் ஒரு நாளைக்குச் சுமார் 1 சதவீதம், அதாவது 20 டாலர். முப்பது நாட்களுக்கு என்றால் 4.6 சதவீதம், சுமார் 92 டாலர். இந்த 92 மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். ஒரே ஸ்ட்ரைக்கில் கால், புட் இரண்டின் ஐவியும் ஒன்றுதான், இல்லாவிட்டால் ஆர்பிட்ராஜ் செய்பவர்கள் அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடுவார்கள். ஆகவே 16 என்ற எண்ணுக்குள் திசை என்று எதுவுமே கிடையாது.

இதை ஒத்துக்கொள்பவர்கள்கூட பங்குச் சந்தைப் பழக்கத்தில் தடுமாறுகிறார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையின் VIX பொதுவாகப் பங்குகள் விழும்போது ஏறும். அதைப் பார்த்துப் பழகிய கண் தங்கத்துக்கும் அதே விதியைப் போட்டுப் பார்க்கிறது. தங்கத்துக்கான GVZ என்ற குறியீட்டை சிபோ 2008 முதல் வெளியிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, அது கோமெக்ஸ் ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன்களிலிருந்து எடுக்கப்படுவதில்லை, GLD என்ற தங்க ஈடிஎஃப்பின் ஆப்ஷன்களிலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டும் ஒட்டித்தான் போகும், ஆனால் ஒன்றேதான் என்று நினைக்கக் கூடாது.

மூன்று சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். 2011 ஆகஸ்டில் தங்கம் மூன்றே வாரத்தில் 1,600 சொச்சத்திலிருந்து 1,900 டாலரைத் தாண்டியது. விலை ஏற ஏற ஐவியும் கூடவே ஏறியது. 2020 மார்ச்சில் நேர்மாறு. மாதத் தொடக்கத்தில் 1,700ஐத் தொட்ட தங்கம், எல்லோரும் பணத்துக்காக எதையும் விற்றுக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரத்தில் 1,500க்குக் கீழே வந்தது. GVZ 40ஐத் தாண்டியது, அதாவது நாளைக்கு இரண்டரை சதவீதம். அந்த உச்சத்தைப் பார்த்து இன்னும் விழும் என்று முடிவு கட்டியவர்கள், ஏப்ரல் நடுவில் விலை 1,700க்கு மேல் நிற்பதைப் பார்த்தார்கள். நகர்வு பெரிதாகத்தான் இருந்தது, ஐவி சொன்ன அளவுக்கே இருந்தது. திசைதான் அவர்கள் படித்துக்கொண்ட பக்கம் போகவில்லை.

மூன்றாவது சம்பவம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2013 ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமை, 15 திங்கட்கிழமை. இரண்டே வர்த்தக நாட்களில் தங்கம் சுமார் 1,560 டாலரிலிருந்து 1,360க்கு விழுந்தது. திங்கள் மட்டும் 9 சதவீதம், முப்பது வருஷங்களில் இல்லாத ஒரு நாள் வீழ்ச்சி. அதற்கு முந்தைய நாட்களில் GVZ 16க்குக் கீழே அமைதியாக இருந்தது. ஆப்ஷன் சந்தை நாளைக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விலை போட்டு வைத்திருந்தது. ஐவி ஏறியது வீழ்ச்சியோடும் வீழ்ச்சிக்குப் பிறகும்தான். வரப்போகும் பெரிய நகர்வை ஐவி முன்கூட்டியே காட்டும் என்ற வாதத்துக்கு, காட்ட வேண்டிய மிகப் பெரிய இடத்திலேயே அது காட்டவில்லை. பல சமயம் ஐவி ஏற்றம் என்பது ஏற்கெனவே நடந்துவிட்ட நகர்வின் எதிரொலி.

சரி, நகர்வு எதுவும் நடக்காமலே ஐவி ஏறினால்? அப்போதாவது யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது என்று சொல்லலாமா? இங்கேதான் கணக்கில் ஒரு கண்ணி இருக்கு. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் வட்டி முடிவு புதன்கிழமை வருகிறது, ஆப்ஷன் அந்த வெள்ளிக்கிழமை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளுக்கு 0.9 சதவீத ஆட்டம், புதனுக்கு மட்டும் 2 சதவீதம் என்று சந்தை எதிர்பார்க்கிறது. இந்த எதிர்பார்ப்பு ஒரு துளிகூட மாறவில்லை. நாட்கள் மட்டும் கழிகின்றன.

```python
from math import sqrt

def iv(normal, event, n):
    var = (n - 1) * normal**2 + event**2
    return sqrt(var / n) * sqrt(252)

for n in (6, 5, 4, 3):
    print(n, round(iv(0.9, 2.0, n), 1))
```

`n` என்பது மீதமுள்ள வர்த்தக நாட்கள். முந்தைய வாரம் வியாழன் மாலையில் ஆறு நாள் மீதி, ஐவி 18.4. பிறகு 19.1, 20.1, செவ்வாய் மாலையில் 21.7. சாதாரண நாட்கள் ஒவ்வொன்றாக உதிர உதிர, மீதியிருக்கும் சராசரியில் புதன்கிழமையின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. புதுச் செய்தி எதுவும் இல்லை, யாரும் பதற்றப்படவும் இல்லை. ஆனால் வாராந்திரக் குறிப்பில் மூன்றே நாளில் ஐவி பாய்ச்சல் என்று வரும்! இதே புதன்கிழமையை 21 வர்த்தக நாள் ஆப்ஷனுக்குள் போட்டால் ஐவி 15.6தான், நிகழ்ச்சியே இல்லாவிட்டால் 14.3. அதனால் குறுகிய ஆப்ஷனின் ஐவி மட்டும் ஏறி, ஒரு மாத ஐவி பெரிதாக அசையாமல் இருந்தால், முதலில் காலண்டரைத்தான் பார்க்கணும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் பணம் எப்படிப் போகும் என்பதையும் இதே எண்களில் பார்த்துவிடலாம். ஒருவர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு செவ்வாய் மாலை 2,000 ஸ்ட்ரைக் கால் ஒன்று வாங்குகிறார். 21.7 ஐவியில் அதன் விலை அவுன்ஸுக்குச் சுமார் 18.9 டாலர். புதன்கிழமை முடிவு வருகிறது, தங்கம் 10 டாலர் ஏறி 2,010க்கு வருகிறது. திசை சரி. ஆனால் பெரிய நாள் கழிந்துவிட்டது, மீதி இரண்டும் சாதாரண நாட்கள், ஐவி 14.3க்கு இறங்கிவிட்டது. இப்போது அந்தக் காலின் விலை சுமார் 16 டாலர். ஒரு கான்ட்ராக்டுக்கு 290 டாலர் நஷ்டம். அன்று போட்ட காசு திரும்பி வரவே விலை 14 டாலருக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். பெரிய நகர்வு வரும் என்பது அவர் வாங்கும்போதே விலைக்குள் ஏறிவிட்டது. வெறுமனே நகர்ந்தால் போதாது, சந்தை விலை போட்டு வைத்ததைவிட அதிகமாக நகரணும். இந்த வித்தியாசத்தைத்தான் நான் விமர்சிக்கும் வாசிப்பு விட்டுவிடுகிறது.

திசையைப் பற்றி ஆப்ஷன் சந்தை எதுவுமே சொல்லாதா என்று கேட்கலாம். கொஞ்சம் சொல்லும், ஆனால் ஐவியின் மட்டத்தில் இல்லை, அதன் சாய்வில். இன்றைய விலையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் மேலே இருக்கும் காலின் ஐவியிலிருந்து கீழே இருக்கும் புட்டின் ஐவியைக் கழித்துப் பார்ப்பதை ரிஸ்க் ரிவர்ஸல் என்பார்கள். வழக்கமாக 25 டெல்டாவில் எடுப்பார்கள். அது பிளஸ்ஸில் இருந்தால், ஏற்றத்துக்கு எதிரான இன்ஷூரன்ஸுக்கு அதிக விலை கொடுக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதுகூட விலை ஏறும் என்ற கணிப்பு ஆகாது. ஷார்ட் போயிருக்கும் ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ளக் கால் வாங்கினாலும் அதே எண்தான் ஏறும். மழை வரும் என்று உறுதியாகத் தெரிந்துதான் எல்லோரும் குடை வாங்குகிறார்களா என்ன?

என் பார்வையில் ஐவி ஏற்றத்தை இந்த வரிசையில் படிப்பது நியாயமானது. கடந்த ஒரு மாதம் விலை உண்மையில் எவ்வளவு ஆடியது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐவி அதை ஒட்டியே ஏறியிருந்தால் அது எதிரொலி. ஒட்டவில்லை என்றால், ஏற்றம் எந்தக் காலக்கெடுவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறுகிய காலக்கெடுவில் மட்டும் இருந்து, அதற்குள் வட்டி முடிவோ வேலைவாய்ப்பு அறிக்கையோ விழுந்தால் அது காலண்டர். இரண்டாலும் விளக்க முடியாமல், மூன்று மாதம், ஆறு மாதம் எல்லாவற்றிலும் ஐவி ஏறினால்தான் விஷயம். அப்போது சொல்லக்கூடியது, தேதி குறிக்க முடியாத ஒரு ஆபத்துக்கு சந்தை முன்பைவிட அதிக விலை கேட்கிறது என்பது மட்டும்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினாலும் அது எழுதுபவரின் சொந்த அபிப்ராயம். அபிப்ராயம் இருப்பது தப்பில்லை, அதன் தலையில் ஐவியின் தொப்பியை மாட்டி விடுவதுதான் தப்பு.