கட்டணம் எந்த ஆண்டின் வருமானம்?

மார்ச் மாதத்தில் முடித்துக் கொடுத்த வேலைக்கு மே மாதத்தில் பணம் வந்தால், அது எந்த நிதியாண்டின் வருமானம் என்ற கேள்விக்கு, 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 145ஆம் பிரிவு இரண்டு விடைகளை ஏற்கிறது. பணம் கைக்கு வந்த நாளில் வரவும், கையிலிருந்து போன நாளில் செலவும் எழுதுவது ரொக்க முறை. கட்டணம் கேட்கும் உரிமை பிறந்த நாளிலேயே வரவும், கொடுக்க வேண்டிய கடமை பிறந்த நாளிலேயே செலவும் எழுதுவது ஆடிட்டர்கள் மெர்கண்டைல் என்று சொல்லும் முறை. வரவுக்கு ஒன்றும் செலவுக்கு மற்றொன்றுமாகக் கலந்து எழுதும் வழக்கத்தை 1997-98 மதிப்பீட்டு ஆண்டு முதல் சட்டம் அனுமதிப்பதில்லை.

இரு முறைகளிலும் வரி செலுத்த வேண்டிய மொத்த வருமானம் காலப்போக்கில் ஒன்றே என்றும், மாறுவது ஆண்டு மட்டுமே என்றும் சொல்வதுண்டு. வரி அடுக்குகளும் தள்ளுபடியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால், இந்தக் கூற்று பாதி உண்மையே. தனியாகத் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர் ஒருவருக்கு 2025-26 நிதியாண்டில் செலவு போக 11,50,000 ரூபாய் கையில் வந்திருக்கிறது, மார்ச்சில் அனுப்பிய 3,00,000 ரூபாய் பில்லுக்கு மட்டும் பணம் வரவில்லை என்று கொள்ளலாம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு முழுத் தள்ளுபடி கிடைப்பதால், ரொக்க முறையில் அவருக்கு வரியே இல்லை. மெர்கண்டைல் முறையில் வருமானம் 14,50,000 ஆகித் தள்ளுபடி எல்லையைத் தாண்டிவிடுவதால், செஸ் உட்பட 1,01,400 ரூபாய் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு வேலை குறைந்து, பழைய பில்லைச் சேர்த்தும் வருமானம் 12 லட்சத்துக்குள் நின்று, விகிதங்களும் மாறாதிருந்தால், இந்த வேறுபாடு நிலைத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வருமானம் பெருகினாலோ, அதே 3,00,000 ரூபாய் ரொக்க முறைக்காரரை எல்லைக்கு மேலே தள்ளும். ஆகவே ரொக்க முறை எப்போதும் வரியைக் குறைக்கும் என்று கருதுவது தவறு.

அந்தப் பில் வசூலாகாமலே போனால், ரொக்க முறையின் நியாயம் இன்னும் தெளிவாகும். வராத பணத்தை அது வருமானமாகக் கொள்ளாததால், வராக்கடன் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. மெர்கண்டைல் முறைக்காரர் வரியை முன்பே கட்டிவிட்டு, கடனைக் கணக்கில் தள்ளுபடி செய்யும் ஆண்டில்தான் அதைக் கழித்துக்கொள்ள முடியும். அந்த ஆண்டில் அவர் வருமானம் ஏற்கெனவே 12 லட்சத்துக்குள் இருந்தால், கழிவு கிடைத்தும் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கிடைக்காத கூலிக்கு வரி கட்டியவராகவே அவர் நின்றுவிடுகிறார். வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் வலிமை குறைந்த தனியருக்கு இது சிறிய அநீதி அல்ல.

ரொக்க முறையின் பெருங்குறை மூலத்தில் பிடிக்கப்படும் வரியில், அதாவது டிடிஎஸ்ஸில், வெளிப்படுகிறது. வாடிக்கையாளர் நிறுவனம் பில்லைத் தன் கணக்கில் வரவு வைக்கும்போதோ பணம் கொடுக்கும்போதோ, எது முந்துகிறதோ அப்போது தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். மேற்கண்ட பில்லில் 30,000 ரூபாய் மார்ச்சிலேயே பிடிக்கப்பட்டு 26ஏஎஸ் படிவத்தில் ஏறிவிடும். மீதி 2,70,000 மே மாதத்தில் வரும். படிவத்தில் தெரியும் வருமானம் கணக்கில் இல்லாததால், இரண்டையும் ஒப்பிடும் துறையிடமிருந்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வரக்கூடும். வருமானம் எந்த ஆண்டில் வரிக்கு உட்படுகிறதோ அந்த ஆண்டிலேயே பிடித்தத்துக்கான வரவு தரப்படும் என்று 37பிஏ விதி கூறுவதால், அந்த 30,000 ரூபாயை வரி அறிக்கையின் டிடிஎஸ் அட்டவணையில் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பலர் இங்கே இருவகையில் தவறுகிறார்கள்: வருமானத்தைக் காட்டாமல் பிடித்தத்தை மட்டும் முதல் ஆண்டில் கோருகிறார்கள், அல்லது மே மாதத்தில் முழுக் கட்டணமான 3,00,000 ரூபாய்க்குப் பதில் வங்கிக்கு வந்த 2,70,000 ரூபாயை மட்டும் வரவு எழுதுகிறார்கள். இரண்டாவது தவறு, பிடிக்கப்பட்ட தொகையும் வருமானமே என்பதை மறந்ததால் நேர்வது.

ஆண்டுதோறும் இலாபமான முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதும் இல்லை. முறை தொடர்ந்து பின்பற்றப்பட வேண்டும் என்பது 145ஆம் பிரிவின் நிபந்தனை. அது மீறப்பட்டால் அதிகாரி தம் கணிப்பின்படி வருமானத்தை மதிப்பிடலாம். உண்மையான காரணத்தோடு ஒருவர் முறையை மாற்றும்போது, மாறும் நாளுக்கு முந்தைய மார்ச் 31 அன்று வசூலாகாமல் நின்ற பில்களின் பட்டியல் தேவைப்படுகிறது. மெர்கண்டைலிலிருந்து ரொக்கத்துக்கு வருபவருக்கு, முன்பே வரி கட்டிய பில் பணமாக வரும்போது மறுபடி வருமானத்தில் சேராமல் காப்பது அந்தப் பட்டியல்தான். எதிர்த்திசையில் போகிறவருக்கு, இரு முறைகளுக்கும் நடுவே விழுந்த பழைய பில்கள் வரிக்குத் தப்பிப்போகவில்லை என்று காட்டுவதும் அதுவே.