நகராத எண்ணை நம்பலாமா?

ஒரு சமச்சீர் அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு வேண்டுமா? ஏதாவது ஒரு திசையனை எடுத்து, அந்த அணியால் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போனால் போதும் என்கின்றன பாடநூல்கள். 1929இல் ரிச்சர்ட் ஃபான் மீசஸும் ஹில்டா கைரிங்கரும் எழுதிய கட்டுரையோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை இது. கற்றுக்கொள்ள எளிதானதுதான். ஆனால் இரண்டு மூன்று வரிசையுள்ள அணிக்கு இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதல் வரிசை 2, 1; இரண்டாம் வரிசை 1, 2 என்ற அணியை எடுத்துக்கொள்வோம். இதன் ஐகன் மதிப்புகள் 3, 1. தொடக்கத் திசையன் (1,0).

```
(1,0) → (2,1) → (5,4) → (14,13) → (41,40)
```

திசையன் (1,1) பக்கம் சாய்வது கண்ணுக்கே தெரிகிறது. (1,0) என்பது (1,1)இல் பாதியும் (1,−1)இல் பாதியும் சேர்ந்தது. ஒவ்வொரு பெருக்கலிலும் முதல் பங்கு மும்மடங்காகிறது, இரண்டாம் பங்கு அப்படியே நிற்கிறது. ஆகவே பிழை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது.

இதிலிருந்து மதிப்பை எப்படி எடுப்பது? வழக்கமாக, புதிய முதல் உறுப்பைப் பழையதால் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் 2, 2.5, 2.8, 2.93 என்று வரும். அதே திசையன்களை வைத்து ரேலி ஈவைக் கணக்கிட்டால், அதாவது x·Ax ஐ x·x ஆல் வகுத்தால், 2, 2.8, 2.976, 2.997 கிடைக்கிறது. கூடுதலாக ஓர் அணிப் பெருக்கல்கூட இல்லை. ஆனால் பிழை மூன்றில் ஒன்றுக்குப் பதில் ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. சமச்சீர் அணியில் ஐகன் திசையன்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால், திசையில் உள்ள பிழையின் வர்க்கம்தான் மதிப்பில் ஏறுகிறது. சமச்சீர் அணியைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பை உறுப்பால் வகுப்பது, கிடைத்த வசதியை வீணடிப்பதுதான்.

இனி மூலைவிட்டத்தில் 2க்குப் பதில் 100 போடுவோம். ஐகன் மதிப்புகள் 101, 99. திசையன்கள் மாறவில்லை. ஆனால் இப்போது ஒரு பெருக்கலுக்குத் திசையின் பிழை இரண்டு விழுக்காடுதான் குறைகிறது. (1,0)இல் தொடங்கிப் பத்து முறை பெருக்கினால் ரேலி ஈவு 100.1974, பதினோராவதில் 100.2165. மாற்றம் 0.02க்கும் கீழே. மதிப்போடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. “அடுத்தடுத்த இரு விடைகள் ஏறத்தாழ ஒன்றானால் நிறுத்து” என்ற விதியைப் பின்பற்றுபவர் இங்கே நிறுத்திவிடுவார். உண்மையான பிழையோ 0.78. அந்த விதி நகர்வின் வேகத்தைத்தான் அளக்கிறது, மிச்சமுள்ள தூரத்தை அல்ல. இந்த முறையின் மிகப் பெரிய ஆபத்து இதுவே என்பது என் கருத்து.

காப்பது எச்சம். திசையனின் நீளத்தை 1 ஆக்கிவிட்டு, Ax − ρx இன் நீளத்தைப் பார்க்க வேண்டும். ρ என்பது ரேலி ஈவு. சமச்சீர் அணியில், ρவிலிருந்து அந்த நீளத்துக்குள் ஓர் ஐகன் மதிப்பு கட்டாயம் இருக்கும். பத்தாவது படியில் எச்சம் 0.98. வேலை முடியவில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆனால் எச்சமும் ஒன்றைச் சொல்லாது. (1,−1)இல் தொடங்கினால் முதல் படியிலேயே எச்சம் பூச்சியம், விடை 99. அது சரியான ஐகன் மதிப்புதான், மிகப் பெரியது மட்டும் அல்ல. அணியின் உறுப்புகள் எல்லாம் நேர் எண்களாக இருந்தால், நேர் உறுப்புகள் கொண்ட திசையனில் தொடங்கி இதைத் தவிர்க்கலாம். பெரோன் தேற்றம் அதற்கு உறுதி தருகிறது. குறிகள் கலந்த அணிக்கு அந்த உறுதி இல்லை. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மூலைவிட்டத்தில் −2, மற்ற இடங்களில் 1 இருந்தால் ஐகன் மதிப்புகள் −1, −3. பெரியது −1. இந்த முறையோ அளவில் பெரிதான −3ஐ நோக்கித்தான் போகும்.

மூலைவிட்டத்திலிருந்து ஓர் எண்ணைக் கழித்துவிட்டுப் பெருக்கி, கடைசியில் அதைக் கூட்டிக்கொள்வது தெரிந்த மருந்து. 100 உள்ள அணியில் 98ஐக் கழித்தால் நாம் தொடங்கிய அணியே திரும்ப வந்து, பிழை மறுபடி வேகமாகச் சுருங்கும். ஆனால் எதைக் கழிப்பது என்று நன்றாகத் தெரிய, மற்ற ஐகன் மதிப்புகள் எங்கே இருக்கின்றன என்று ஓரளவு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிரே 1846இல் ஜாக்கோபி தந்த சுழற்சி முறையை வைத்துப் பார்க்கலாம். நம் அணியை 45 பாகை ஒரே முறை சுழற்றினால் 101, 99 இரண்டும் மூலைவிட்டத்தில் வந்துவிடும். மதிப்புகள் நெருங்கியிருப்பது அதைத் தடுப்பதில்லை, தொடக்கத் திசையனும் தேவையில்லை. மூன்று நான்கு வரிசை என்றால் சில சுற்றுகள் ஆகும், அவ்வளவுதான். ஆகவே சிறிய சமச்சீர் அணிக்கு ஜாக்கோபியையே நான் தேர்வேன். பெருக்கும் முறையை, உறுப்புகள் நேர் எண்களாகவும் முதல் இரு மதிப்புகள் நன்றாக விலகியும் இருக்கும்போது, ரேலி ஈவோடும் எச்சத்தோடும் மட்டும் ஏற்பேன். பூச்சியங்கள் நிறைந்த, லட்சம் வரிசையுள்ள அணியில் சுழற்றுவது கட்டுப்படியாகாது. பெருக்கலுக்கு உரிய இடம் அங்கேதான்.