ஒரு நாள் விடுப்பின் விலை

நாகர்கோவில் பக்கத்தில் பெண்கள் தைக்கும் ஒரு கூடம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக, நைட்டிக்கு 12 ரூபாய், உள்பாவாடைக்கு 6 ரூபாய் கூலி. நைட்டிதான் லாபம் என்று தோன்றும். ஆனால் நைட்டிக்கு 20 நிமிடம், பாவாடைக்கு 8 நிமிடம் ஆகிறது என்றால், எட்டு மணி நேரத்தில் 24 நைட்டிக்கு 288 ரூபாய், 60 பாவாடைக்கு 360 ரூபாய். எந்தக் கட்டு யாருக்கு என்பது சூப்பர்வைசர் கையில்.

26 நாளும் நைட்டியே தைத்தவளுக்கு 7,488. ஒரு நாளும் விடாமல் வந்தால் வருகை போனஸ் 500. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றால் 288 மட்டுமல்ல, அந்த 500-ம் போகும். ஆக 788 ரூபாய், ஏறத்தாழ இரண்டே முக்கால் நாள் கூலி. (இரண்டாம் நாளும் நின்றால் 288தான் போகும், தண்டனை முழுக்க முதல் நாளுக்கே.) காய்ச்சல்காரப் பிள்ளையோடு வீட்டில் நிற்பது பெரும்பாலும் அம்மாதான் என்பதால், இந்த விதி எல்லோருக்கும் பொது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

1948ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும், பீஸ் ரேட்டுக்குத் தனிக் கூலி நிர்ணயிக்காத இடத்தில், நேரக் கூலிக்குக் குறையாமல் தரச் சொல்கின்றன. ஒப்பிட வேண்டியது போனஸைக் கழித்த அந்த 288-ஐத்தான்.