அம்மா சொன்னதும் புத்தகம் சொன்னதும்

கள்ளிக்குப்பத்து வீடொன்றில், அடுப்படி வேலைக்கு நடுவே அம்மா சொல்லச் சொல்ல மகள் கிறுக்கிய குறிப்பு: ‘வேலூர் புரட்சி 1806. தலைப்பாகை. ஆற்காட்டுப் படை...’ மிச்சமெல்லாம் புள்ளிகள்.

அதை அவள் திருப்புதல் பக்கமாக்குவது பார்க்கவே அழகு. விடுபட்ட இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, பாடநூலைப் புரட்டி நிரப்புகிறாள்: ஜூலை 10, தலைப்பாகையில் தோல், நெற்றிக்குறிக்குத் தடை, படையோடு வந்தவர் கில்லஸ்பி. அம்மாவின் சொற்கள் நீல மையில் அப்படியே இருக்கின்றன; புத்தகத்தின் சொற்கள் கறுப்பில். பிறகு சந்தேகம் வந்தால், எதைச் சரிபார்ப்பது என்று மையே காட்டிவிடும். ஸ்கேலை அழுத்திக் கோடு இழுக்கையில் தாள் மெல்லக் கீச்சிடுகிறது. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் ஒரே பக்கத்தில் அடங்குகின்றன. விளைவை மட்டும் அம்மா சொல்லவேயில்லை: திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பக்கத்தை மூடிவிட்டு வெறுந்தாளில் எழுதிப் பார்த்தபோது அவள் தடுமாறியது அந்த வரியில்தான்.