தேயிலை விற்பனை அறிவிப்பின் ஆங்கில ஆக்கம்: ஒரு மதிப்பீடு

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காடு, மலையாளம் சூழ்ந்த மலைப்பகுதியில் தமிழ்த் தொழிலாளர் குடியேறி உழைத்த தேயிலைத் தோட்டமாகும். இத்தகைய தோட்டங்களில் வேரூன்றிய தமிழ்ச் சொற்கள் இணையவழி விற்பனை அறிவிப்புகளிலும் வழங்குகின்றன. அவற்றை ஆங்கிலமாக்கும்போது ஒவ்வொரு சொல்லும் சரியாக அமைந்தும் அறிவிப்பு முழுவதும் பிழைபடும் நிலை உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வழக்கிலுள்ள தொடர்களைக் கொண்டு ஓர் அறிவிப்பும் வாங்குவோர் வினாக்கள் இரண்டும் இங்கு மாதிரியாக அமைத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

1. அறிவிப்பு

"அன்று பறித்த பச்சைத் தேயிலையிலிருந்து எடுத்த தூள். நல்ல கலர் வரும். கலப்பு இல்லை."

இதன் முதல் தொடரை 'பவுடர் மேட் ஃப்ரம் ஃப்ரெஷ் கிரீன் டீ' என ஒருவர் மொழிபெயர்ப்பதாகக் கொள்வோம். அகராதி கொண்டு நோக்கின் இதில் குறைகாண இயலாது. ஆயின் இதைப் படிக்கும் ஆங்கில வாசகர், பசுந்தேநீருக்குரிய இலையை மாவாக அரைத்த ஜப்பானிய 'மாட்சா' போன்ற பொருளையே எதிர்பார்ப்பார். அவருக்குச் சென்று சேர்வதோ கருந்தேநீர்த் தூள்.

இப்பிழை இரு சொற்களில் தோன்றுகிறது. தோட்டத் தமிழில் பச்சைத் தேயிலை என்பது செடியிலிருந்து பறித்து ஆலைக்குக் கொண்டுவரப்படும் பதப்படாத கொழுந்து. அது ஒரு பானவகையின் பெயரன்று. ஆங்கில வணிக வழக்கில் இதற்கு நேரானது 'கிரீன் லீஃப்'. 'கிரீன் டீ' என்பதோ, இலையை ஆவியிலோ சூட்டிலோ பதப்படுத்தி ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்துச் செய்யப்படும் முடிந்த சரக்கு. சுமார் நாலரை கிலோ பச்சைத் தேயிலையிலிருந்து ஒரு கிலோ தூளே கிடைக்கும் என்பதை நினைவிற்கொண்டால், இச்சொல் மூலப்பொருளையே சுட்டுகிறது என்பது தெளிவாகும்.

'தூள்' என்பதும் அவ்வாறே. கொழுந்தை வாட்டி, நசுக்கிக் கிழித்துச் சுருட்டி, ஆக்சிஜனேற்றம் பெறவிட்டு, உலர்த்திச் சலித்தபின் கிடைக்கும் மணிகள் அனைத்தையும் தமிழர் தூள் என்பர். மலையாளத்தாரும் சாயப்பொடி என்பர். இவ்விரு வழக்குகளின் ஒப்புமையால் இந்திய ஆங்கிலத்தில் 'டீ பவுடர்' இயல்பாகிவிட்டது. வெளிநாட்டு வாசகருக்கு அது இயல்பன்று. 'டஸ்ட்' என மாற்றுவதும் எச்சரிக்கைக்குரியது. அது சல்லடையில் பிரியும் மிகச் சிறு மணிகளுக்குரிய தரப்பெயர். அளவைக் குறிப்பதேயன்றித் தாழ்வைக் குறிப்பதன்று. ஆயினும் வணிகம் அறியாதார் அதனைப் புழுதி எனக் கொள்வர். ஆகவே விற்பவரிடம் தரத்தைக் கேட்டறிந்து, 'பிளாக் டீ' என்று முதலில் கூறி, பின்னர் தரப்பெயரைச் சேர்ப்பதே தக்கது.

2. வினாக்கள்

"கலர் வருமா?" என்பது முதல் வினா. 'வா' என்னும் வினை இங்கு வடிநீரில் நிறம் இறங்குவதைக் குறிக்கிறது. இதனை 'டஸ் இட் ஹேவ் கலர்?' என்றாக்கினால், சாயம் சேர்க்கப்பட்டதா என்னும் ஐயவினாவாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. தேயிலையில் சாயக்கலப்படம் உண்மையிலேயே நிகழ்வதாதலின் இம்மயக்கம் சிறிதன்று. விற்பவர் "வரும்" எனப் பெருமையாகக் கூறும் விடை, தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"கலப்பு இல்லையே?" என்பது இரண்டாவது. இதற்கு விற்பவர் "ஆமாம்" என்கிறார். தமிழில் 'ஆமாம்' வினவியவர் கூற்றுக்கு உடன்படுவது. ஆகவே கலப்பு இல்லை என்பதே பொருள். ஆங்கிலத்தில் 'யெஸ்' பெரும்பாலும் விடையின் உடன்பாட்டுத் தன்மையைச் சார்ந்து நிற்பதால், 'கலப்பு உண்டு' என்று கொள்ளப்படும். இங்கு விடைச்சொல்லை மட்டும் பெயர்ப்பது போதாது. முழுத்தொடராக விரித்தல் வேண்டும்.

அன்றியும், 'கலப்பு' கலப்படத்தையும் குறிக்கும். பல தோட்டத்துத் தூள்களைச் சேர்த்தலையும் குறிக்கும். பின்னது முறையான வணிகச் செயல். 'சிங்கிள் எஸ்டேட்' என மொழிபெயர்ப்பவர், விற்பவர் அளிக்காத தோற்றுவாய் உறுதியைத் தாமே அளித்துவிடுகிறார். கொழுந்து போனக்காட்டில் பறிக்கப்பட்டு வேறோர் ஆலையில் தூளாக்கப்படுமாயின், இரண்டையும் தனித்தனியே கூறுவதே நேர்மையாகும்.

3. முடிவு

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் கூறிய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுத்தல் கூடாது. எனவே மொழிபெயர்ப்பாளர் எழுதும் தொடர் விற்பவரைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதியாகிறது. அதன் இழப்பைத் தாங்குபவர் அதனை எழுதாத விற்பவரே. பெயர்த்த தொடரை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, எத்தகைய பொருள் வந்து சேரும் எனக் கேட்டுப் பார்த்தல் இதற்கு எளிய சோதனையாகும். அவர் கருந்தேநீரைக் கூறாராயின், பிழை சொல்லில் இல்லாவிடினும் மொழிபெயர்ப்பில் உண்டு என்று துணியலாம்.