"வேலை போன வருத்தம்" – கேஸ் ஷீட்டில் ஒரு வரி போதுமா?

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு கேஸ் ஷீட் என் கைக்கு வந்தது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தேதிகளையும் மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன். 39 வயது, பின்னலாடை யூனிட்டில் சூப்பர்வைசர். ஜூன் 3-ம் தேதி வேலை போகிறது. ஜூன் 30 அன்று மனைவி கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அன்றைய பதிவு மொத்தமே இவ்வளவுதான்: "வேலை இழப்பைத் தொடர்ந்து மனச்சோர்வு, தூக்கமின்மை. அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர். எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. 5 வாரம் கழித்து வரவும்."

ஆகஸ்ட் 4 அன்று வேறொரு மருத்துவர் பார்க்கிறார். அவர் எழுதியது: "மேஜர் டிப்ரஷன். மாத்திரையைக் கூட்டவும்."

ஒரே ஆள், ஒரே சம்பவம், ஐந்து வாரத்தில் இரண்டு பெயர். முதல் மருத்துவர் தப்பாகப் பார்த்தாரா, இரண்டாமவர் அவசரப்பட்டாரா, இல்லை நோயே மாறிவிட்டதா? ஷீட்டைப் படித்தால் தெரியாது. என் குறையெல்லாம் இதுதான். டயக்னோசிஸ் சரியா தப்பா என்று சண்டை போடக்கூட அதில் பிடி இல்லை.

முதல் வரியில் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது. "காரணம் இருக்கு, அதனால இது டிப்ரஷன் இல்ல." ரொம்பப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், துறைக்குள்ளேயே. வேலை போச்சு, யாருக்குத்தான் வருத்தம் வராது என்பது நியாயமான மனித வாக்கியம்தான். ஆனால் டி.எஸ்.எம்-5 அப்படிச் சொல்லவில்லை. அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டருக்கு அது வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று, வேறொரு மனநோயின் அளவுகோலை இது எட்டியிருக்கக் கூடாது என்பது. அதாவது மேஜர் டிப்ரஷனுக்கான 9 அறிகுறிகளில் 5 இருந்து, அதில் ஒன்று சோர்ந்த மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மையாக இருந்து, 2 வாரமாக ஏறக்குறைய தினமும் நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் பாதித்தால், காரணம் எவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும் பெயர் டிப்ரஷன்தான். வாழ்க்கைச் சம்பவம் டிப்ரஷனுக்கு எதிரான சாட்சி இல்லை. ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டன் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் செய்த ஆய்வு 1978-ல் புத்தகமாக வந்தது. டிப்ரஷனுக்கு முன்னால் பெரிய இழப்போ நெருக்கடியோ இருப்பதுதான் வழக்கம் என்று அப்போதே காட்டினார்கள்.

எதிர்த்தரப்புக்கும் பலம் உண்டு. ஹார்விட்ஸ், வேக்ஃபீல்ட் இருவரும் 2007-ல் எழுதிய புத்தகத்தின் வாதம், சூழலைப் பார்க்காமல் அறிகுறியை மட்டும் எண்ணினால் சாதாரண துக்கமும் நோயாகிவிடும் என்பது. டி.எஸ்.எம்-IV-ல் நெருங்கியவர் மரணத்துக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. முதல் 2 மாத துக்கத்தை, சில கடுமையான அறிகுறிகள் இல்லாவிட்டால், டிப்ரஷன் என்று எழுத வேண்டாம் என்றார்கள். 2013-ல் டி.எஸ்.எம்-5 அதையும் எடுத்துவிட்டது. எடுத்தது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் கட்சி எது என்று கேட்டால், எண்ணிக்கை வேண்டும், ஆனால் எதை எப்படி எண்ணினோம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பேன்.

சரி, ஜூன் 30-க்குத் திரும்புவோம். அன்று பி.ஹெச்.க்யூ-9 படிவம் நிரப்பி ஷீட்டோடு பின் பண்ணியிருந்தார்கள். மொத்தம் 13. இந்தப் படிவத்தில் 10-ஐ எட்டினால் டிப்ரஷன் இருக்கலாம், விசாரி என்று அர்த்தம். பல இடங்களில் "விசாரி"யை விட்டுவிட்டு நேராக டிப்ரஷன் என்று எழுதிவிடுவார்கள். இந்த 13 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். தூக்கத்துக்கு 3, கவனக்குறைவுக்கு 3, சோர்ந்த மனநிலைக்கு 2. மீதி ஐந்து கேள்விகளுக்குத் தலா 1, அசைவு மந்தம் பற்றிய கேள்விக்கு 0. அந்தப் படிவத்தில் 3 என்றால் ஏறக்குறைய தினமும், 1 என்றால் சில நாட்கள் மட்டும். ஆக தினமும் இருப்பது இரண்டே இரண்டு. மனநிலையை எண்ணினால் 3. "செத்துட்டா நிம்மதி"ங்கிற நினைப்பையும் தாராளமாகச் சேர்த்தால் 4. ஐந்து வரவில்லை.

மனைவியிடம் பின்னால் கேட்டபோது இன்னும் தெளிவானது. பகலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு வேலை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து கேரம் ஆடியிருக்கிறார், ஜெயித்தால் சிரிப்பும் வந்திருக்கிறது. இருட்டினால் வீட்டுக் கடன் தவணை ஞாபகம். படுத்தால் அதே கணக்கு திரும்பத் திரும்ப ஓடும், தூக்கம் வர 2 மணி. சாகலாமா என்ற நினைப்பு இரண்டு தடவை, இரண்டும் தவணை கட்ட வேண்டிய நாளை ஒட்டி. "பிள்ளைகளுக்கு இந்த வருஷம் பீஸ் கட்ட முடியாம பண்ணிட்டேன்" என்பது அவருடைய குற்ற உணர்ச்சி. அது அந்த ஒரு விஷயத்தோடு நின்றது.

இதுதான் அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டரின் முகம். மனசு சம்பவத்தோடு கட்டப்பட்டிருக்கும். கயிறு தளர்கிற நேரத்தில் ஆளும் கொஞ்சம் தளர்வார். ஐ.சி.டி-11 இந்த நோய்க்கு 6B43 என்று எண் கொடுத்து, சம்பவத்தைப் பற்றிய ஓயாத சிந்தனையை ஒரு நேரடி அடையாளமாகவே சேர்த்திருக்கிறது. டி.எஸ்.எம்-மை விட இது ஒரு படி மேல் என்பது என் எண்ணம். டி.எஸ்.எம்-மில் இந்த நோய்க்கென்று சொந்த அறிகுறியே கிடையாது. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் தொடங்க வேண்டும், வேதனை அளவுக்கு மீறியதாகவோ வாழ்க்கையைக் குலைப்பதாகவோ இருக்க வேண்டும், மற்றதெல்லாம் இல்லையென்று ஆக வேண்டும். அளவுக்கு மீறியது என்று யார் அளப்பது? கடனே வாங்காத மருத்துவருக்கு ஒரு அளவு, மூன்று தவணை பாக்கி வைத்தவருக்கு வேறு அளவு. அதனால் பதிவில் "அளவுக்கு மீறிய வேதனை" என்று மட்டும் எழுதுவதால் ஒன்றும் ஆகாது. "நேர்காணலுக்குக் கூப்பிட்ட இரண்டு இடத்துக்கும் போகவில்லை, காரணம் கேட்டால் தூக்கமில்லாமல் தலை சுற்றுகிறது என்கிறார்" என்று எழுதினால் யாரும் சரிபார்க்கலாம்.

ஆகவே முதல் மருத்துவர் வந்து சேர்ந்த இடம் சரி. வந்த வழிதான் ஷீட்டில் இல்லை. அன்றைய பதிவு கிட்டத்தட்ட இப்படி இருந்திருக்கலாம்:

"ஜூன் 3 வேலை இழப்பு. ஒரு வாரத்துக்குள் தூக்கம் கெட்டது. இதற்கு முன் இப்படி வந்ததில்லை. தினமும் இருப்பவை: தூக்கமின்மை, கவனக்குறைவு. மனச்சோர்வு பெரும்பாலும் மாலையில். மகளோடு இருக்கும்போது மகிழ்ச்சி உண்டு. உடல் எடை 70 கிலோ, குறையவில்லை. அசைவு மந்தம் இல்லை. சாவு எண்ணம் 2 முறை, திட்டமில்லை, மனைவிக்குத் தெரியும். மிகையான உற்சாக காலம் முன்பு இருந்ததில்லை. குடி இல்லை. தைராய்டு பரிசோதனை கேட்கப்பட்டது. டிப்ரஷனுக்கு 5 அறிகுறி தேவை, கூட்டிக் கணக்கிட்டாலும் 4. ஆகவே அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர், சோர்ந்த மனநிலையுடன். மகிழ்ச்சி மறைந்தாலோ, எடை குறைந்தாலோ, வேலை கிடைத்தும் மாற்றமில்லை என்றாலோ மறுபரிசீலனை. 2 வாரத்தில் வரவும்."

எழுத ஐந்து நிமிடம் ஆகும். ஓ.பி-யில் அறுபது பேர் காத்திருக்கும்போது ஐந்து நிமிடம் பெரிசுதான், தெரியும். ஆனால் அந்த 4-ஐக் கவனியுங்கள். இன்னும் ஒன்று சேர்ந்தால் பெயர் மாறும் இடத்தில் நிற்கிற ஒருவரை 5 வாரம் கழித்து வரச்சொல்வது எப்படி? எண்ணி எழுதியிருந்தால் அந்த 4-ஐப் பார்த்தே கை 2 வாரம் என்று எழுதியிருக்கும். மாத்திரையும் இடித்திருக்கும். அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டருக்கு டிப்ரஷன் மாத்திரை உதவும் என்பதற்கு ஆதாரம் மெலிசு. பிரச்சினையைப் பிரித்துப் பேசித் தீர்க்கிற சிகிச்சைதான் முதலில் வர வேண்டும். கொடுத்தே தீருவேன் என்றால் ஏன் என்று ஒரு வரி வேண்டும்.

இன்னொன்று. அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர் என்றால் லேசான கேஸ் என்று ஒரு பழக்கம் ஓடுகிறது. லேசு இல்லை. இந்தப் பெயரோடு இருப்பவர்களும் தற்கொலைக்கு முயல்கிறார்கள், சில சமயம் ஒரே இரவில் முடிவெடுத்து. சாவு எண்ணத்தைப் பற்றிக் கேட்டதும் கிடைத்த பதிலும் டயக்னோசிஸ் எதுவானாலும் தனி வரியாக ஷீட்டில் இருந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 4-ல் என்ன நடந்தது? ஜூலை நடுவில் பக்கத்து ஊர் யூனிட்டிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சம்பளமும் கிட்டத்தட்ட பழையதே. "என்னால முடியாது, நான் அதுக்கு லாயக்கில்ல" என்று மறுத்துவிட்டார். மூணு மணிக்கே விழிப்பு. எடை 66. கேரம் போர்டைத் தொடவில்லை. நடையும் பேச்சும் மந்தமானதை மனைவி கவனித்திருக்கிறார். பீஸைப் பற்றிய குற்ற உணர்ச்சி இப்போது "பதினஞ்சு வருஷமா எல்லாரையும் ஏமாத்திட்டிருந்தேன்" என்று வாழ்க்கை முழுவதற்கும் பரவிவிட்டது. சாவு நினைப்பு தினமும். மனநிலை, நாட்டமின்மை, எடை, தூக்கம், மந்தம், பயனற்றவன் என்ற எண்ணம், கவனம், சாவு நினைப்பு என எண்ணினால் 8. இரண்டு வாரத்துக்கு மேலாக. கயிற்றை அவிழ்த்தும் ஆள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது மருத்துவர் வைத்த பெயரும் சரி.

ஆக இருவருமே தப்பு செய்யவில்லை. ஜூனில் இருந்தது ஒன்று, ஆகஸ்டில் இருந்தது வேறு. ஆனால் அதைச் சொல்ல எனக்கு மனைவியிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. "முந்தைய டயக்னோசிஸ் அன்றைய நிலைக்குப் பொருந்தியது, ஜூலை நடுவிலிருந்து அளவுகோல் எட்டப்பட்டதால் மாற்றப்படுகிறது" என்று ஒரு வாக்கியம் ஷீட்டில் இருந்திருந்தால் போதும்.

ஆறு மாதக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆறு மாதம் தாண்டினால் அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர் தானாக டிப்ரஷனாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. சம்பவமும் அதன் விளைவுகளும் முடிந்த பிறகுதான் அந்த 6 மாதம் ஓட ஆரம்பிக்கிறது. கோர்ட்டில் கேஸ் நடக்கிறவரை, கடன் தீராதவரை, அது நீடித்தே இருக்கலாம்.

கருணையால் பெயரைக் குறைத்து எழுதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "டிப்ரஷன்னு எழுதினா வேற வேலை கிடைக்காது சார்" என்று குடும்பம் கேட்கும், மருத்துவரும் இளகுவார். சில சமயம் தலைகீழாக, நீண்ட லீவு வேண்டும் என்பதற்காக டிப்ரஷன் என்று ஏற்றி எழுதுவதும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ம் பிரிவு, மனநோய் என்று தீர்மானிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவத் தரங்களின்படி இருக்க வேண்டும் என்கிறது, ஐ.சி.டி-யின் கடைசிப் பதிப்பையும் குறிப்பிட்டே சொல்கிறது. 25-ம் பிரிவு, தன் மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. எழுதியதை அவரே நாளை கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

இவர் வாங்கிப் படித்தார். செப்டம்பர் கடைசியில், எடை 68-க்கு வந்த பிறகு. இரண்டு வரியையும் காட்டி என்னிடம் கேட்டார்: "இதுல எது சார் நான்?"