கூலும் செம, சிக்கும் செமயா?

கூல் என்றால் ‘செம’, சிக் என்றால் ‘செம’, ஃபயர் என்றால் ‘செம தீ’. ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர்களிடம் இப்போது இதுதான் மோஸ்தர். இளைஞர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று வாதாடுகிறார்கள். அகராதியைத் திறந்து ‘குளிர்ந்த’, ‘நோயுற்ற’ என்று எழுதுவதற்கு இது எவ்வளவோ மேல். உதட்டசைவுக்கும் பொருந்தும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சொல்லைப் பார்த்ததுமே பொருளை முடிவுகட்டிவிடுகிறார்களே, அதுதான் என் நெடுநாள் குறை. யார் யாரிடம் சொன்னார், அடுத்து என்ன நடந்தது என்று பார்ப்பதே இல்லை. ஒருத்தி, “உன் டைரியை எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன்” என்கிறாள். எதிரே இருப்பவள் “கூல்” என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்துகிறாள். அங்கே ‘செம’ என்று போட்டால் கதவு ஏன் அறைபட்டது என்று புரியாது. “ரொம்ப நல்ல காரியம்” என்று வறட்சியாகச் சொன்னால்தான் அந்தக் கதவு சாத்தப்படும். காபி நீட்டும்போது “ஐ ஆம் கூல்” என்றால் ‘எனக்கு வேணாம்’. சண்டை ஓய்ந்தபின் “ஆர் வீ கூல்?” என்றால் ‘கோபம் ஒண்ணும் இல்லையே?’

திருத்தணியில் வளர்ந்த எனக்கு இது படியேறும்போதே கிடைத்த பாடம். அங்கே முருகனுக்குக் காவடி எடுத்துவரும் கூட்டத்தில் தெலுங்கும் கலந்துதான் ஒலிக்கும். ஒருமுறை ஆந்திராவிலிருந்து வந்த பாட்டி ஒருவருடைய பையைச் சென்னை நண்பன் மேலே தூக்கிக் கொடுத்தான். பாட்டி அவன் தலையைத் தொட்டு, “சல்லகா உண்டு நாயனா” என்றார். இவன் திரும்பி என்னிடம், “ஜில்லுனு ஏதோ இருக்காம்டா, மோரா?” என்றான். ‘நல்லா இருப்பா’ என்ற வாழ்த்து அது. ‘சல்லகா’ குளிர்ச்சிதான், அந்த ‘உண்டு’ ‘இரு’ என்று சொல்வது. வெயில் கொளுத்தும் ஊர்களில் குளிர்ச்சி நலமாகிறது. நாமும் வயிறு குளிர்ந்தது என்கிறோம். இங்கிலாந்துக்காரர் வரவேற்பு கூலாக இருந்தது என்றாலோ முகம் கொடுக்கவில்லை என்று பொருள்.

மற்ற இரண்டு சொற்களுக்கு அக்கம்பக்கச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். சிக் என்பதன் பின்னால் ‘ஆஃப்’ வந்தால் சலிப்பு. ஜோக்குக்கு முன்னால் வந்தால் வக்கிரம். லண்டன்காரர் ‘ஐ ஆம் கோயிங் டு பி சிக்’ என்றால் வாந்தி வருகிறது என்கிறார், வாளியைத் தேட வேண்டும். ‘யூ ஆர் ஃபயர்’ பாராட்டு. கடைசியில் ஒரு ‘ட்’ ஒட்டிக்கொண்டால் வேலை போயிற்று.

இதையெல்லாம் பார்க்க நேரமில்லை என்கிறார்கள். ‘பாட்டுல கொன்னுட்டான்’ என்று கேட்டு இவர்களில் யாரும் போலீஸுக்குப் போன் செய்ததில்லை. தமிழில் தானாக வேலை செய்கிற காது ஆங்கிலத்துக்கு மட்டும் அடைத்துக்கொள்வதை அவசரம் என்று நான் சொல்லமாட்டேன், சோம்பல்.